நாலு காலையும் ஆறாயிரம் நெல்லிலைப் படங்களும்: கேட்டுக் கற்பிப்பதா, லேபல் இல்லாததை வைத்துக் கற்பிப்பதா?

அறிவியல் நகரில் இறுதியாண்டு படிக்கும் தங்கச்சி ஒருத்தி போன மாதம் அழைத்தாள். இரணைமடு இடதுகரை, அக்கராயன், வவுனிக்குளம் என்று 45 வயல்களில் போனில் எடுத்த 6,000 நெல்லிலைப் படங்கள் அவளிடம் இருக்கின்றன. எரிபந்தம், கபிலப் புள்ளி, பற்றீரியா இலைக் கருகல், நோயில்லாத இலை என்று நாலு வகையாகப் பிரிக்கும் மொடல் ஒன்று அவளுக்கு வேண்டும். படங்களுக்குப் பெயர் சொல்லக்கூடியவர் ஒரே ஒருவர்தான்: அந்தப் பகுதி விவசாயப் போதனாசிரியர்.

“அண்ணா, சேர் நாலு காலைதான் தருவாராம். ஒவ்வொரு காலையும் ரெண்டு மணித்தியாலம். காலபோக வேலை தொடங்கினால் அதுவும் இல்லையாம். ஆக்டிவ் லேர்னிங் செய்யவா, செமி-சூப்பர்வைஸ்ட் செய்யவா?”

அதே வாரம் வவுனியாவில் இருந்து இன்னொருவர் வேறு தரவை வைத்துக்கொண்டு இதே கேள்வியைக் கேட்டார். ஆகவே தங்கச்சியின் கணக்கையே எடுத்து முழுதாகப் போட்டுப் பார்க்கிறேன்.

முதலில் சொற்கள். ஆக்டிவ் லேர்னிங்கை இங்கே கேட்டுக் கற்றல் என்கிறேன். எந்தப் படத்துக்கு லேபல் வேண்டும் என்று மொடலே தேர்ந்து கேட்கும், மனிதர் பதில் சொல்வார். செமி-சூப்பர்வைஸ்ட் லேர்னிங்கை அரைமேற்பார்வைக் கற்றல் என்கிறேன். அதில் மனிதரிடம் திரும்பப் போவதில்லை. லேபல் உள்ள கொஞ்சப் படங்களோடு லேபல் இல்லாத பெருந்தொகையையும் சேர்த்து மொடல் தானே கற்றுக்கொள்ளும். இரண்டும் ஒரே இடத்தில் மிச்சம் பிடிக்கும் வழிகள் போலத் தெரிந்தாலும், செலவு விழும் இடம் வேறு வேறு.

## எதை வைத்து அளப்பது

பெரும்பாலான ஒப்பீடுகள் “200 லேபலில் யார் கூடச் சரி” என்று கேட்கின்றன. இந்தக் கேள்வி நம்மை ஏமாற்றும். தங்கச்சியிடம் உள்ளது 200 லேபல் அல்ல, 480 நிமிடம். எல்லா லேபலும் ஒரே விலை அல்ல. பச்சைப் பசேலென்ற இலையைப் பார்த்த உடனே சேர் பெயர் சொல்லிவிடுவார். சிறு பொட்டு மட்டும் விழுந்த இலையைப் பெரிதாக்கிப் பார்ப்பார், ஓரத்தைப் பார்ப்பார், எந்த வயல், எப்போது பசளை போட்டது என்று கேட்பார். தெளிவான படத்துக்கு அரை நிமிடம், சந்தேகமான படத்துக்கு இரண்டு நிமிடம், நாலில் ஒரு படம் சந்தேகமானது என்று கணக்குக்கு வைப்போம். உங்கள் வேலையில் இது வேறாக இருக்கும். முதல் 30 படத்துக்கு மணிக்கூடு பிடித்தால் உங்கள் எண் கிடைத்துவிடும்.

எனவே முதல் அளவுகோல், பெயர் சொல்பவரின் நேரம். இரண்டாவது, எத்தனை முறை அவரிடம் போகவேண்டும் என்பது. மூன்றாவது, அரிதான வகைக்கு என்ன நடக்கிறது. எரிபந்தம் நம் படங்களில் 4 சதவீதம்தான் என்று வைப்போம். ஆனால் தவறவிட்டால் கமக்காரருக்கு அதிகம் நட்டம் தருவதும் அதுதான். நாலாவது, வேலை பிழைத்தால் நமக்குத் தெரியவருமா என்பது. வேகம், துல்லியம் எல்லாம் இவற்றுக்குப் பிறகு.

எந்த வழியைப் பிடித்தாலும் முதலில் கட்டவேண்டிய செலவு ஒன்று உண்டு: சோதனைப் படங்கள். எழுந்தமானமாக எடுத்த 200 படங்களுக்கு சேர் பெயர் சொல்லவேண்டும், அவை ஒருபோதும் பயிற்சிக்குப் போகக்கூடாது. தெளிவான 150 படத்துக்கு 75 நிமிடம், சந்தேகமான 50 படத்துக்கு 100 நிமிடம், மொத்தம் 175 நிமிடம். கையில் உள்ள நேரத்தில் மூன்றில் ஒன்றுக்கும் மேல் இதற்கே போகிறது என்று தங்கச்சிக்கு மனம் வரவில்லை. ஆனால் இதைக் குறைத்தால் எந்த வழி நல்லது என்று சொல்ல வழியே இல்லை. 200 படத்தில் 90 சதவீதம் சரி என்றால், உண்மை அளவு ஏறத்தாழ 86க்கும் 94க்கும் இடையில் எங்கேயும் இருக்கலாம். 50 படம் மட்டும் வைத்தால் அந்த இடைவெளி 82இல் இருந்து 98 வரை விரியும். இரண்டு வழிகளுக்கு இடையே 3 சதவீத வித்தியாசம் இருந்தால் அது இந்த இடைவெளிக்குள் மறைந்துபோகும்.

சோதனைப் படங்களைப் படம் படமாகப் பிரிக்கக்கூடாது, வயல் வயலாகப் பிரிக்கவேண்டும். ஒரே வயலில், ஒரே வெயிலில், ஒரே போனால் அடுத்தடுத்து எடுத்த இரண்டு படங்களில் ஒன்று பயிற்சியிலும் மற்றது சோதனையிலும் இருந்தால், மொடல் நோயைக் கற்றதா அந்த வயலின் மண்நிறத்தைக் கற்றதா என்று தெரியாது. 45 வயலில் 15 வயலை முழுதாக ஒதுக்கி, அவற்றில் இருந்து 200 படம் எடுக்கச் சொன்னேன். மிச்சம் 30 வயல்களில் ஏறத்தாழ 4,000 படங்கள் இருக்கும். பயிற்சிக்குரிய குவியல் அதுதான்.

ஆக, இனிக் கையில் இருப்பது 480இல் 175 போக 305 நிமிடம்.

## முதல் வழி: இரண்டும் வேண்டாம், எழுந்தமானமாக லேபல்

இதை ஒரு வழியாகக் கணக்கில் எடுக்காமல் விடுவதுதான் பலர் செய்யும் பிழை. முன்பயிற்சி பெற்ற ரெஸ்நெட்-50 போன்ற மொடல் ஒன்றை எடுத்து, அதை மாற்றாமல், ஒவ்வொரு படத்தையும் அதற்குள் அனுப்பினால் கடைசிக்கு முந்திய அடுக்கில் 2,048 எண்கள் கிடைக்கும். அந்த எண்களின் மேல் ஒரு சாதாரண லொஜிஸ்ரிக் ரிக்ரெஷனைப் பழக்கினால் போதும். கிராபிக்ஸ் காட் இல்லாத மடிக்கணினியிலும் பழக்கம் சில நொடிகளில் முடியும்.

ஒரு கவனம்: இந்த மொடல்கள் வழக்கமாக 224 × 224 அளவுப் படத்தையே வாங்கும். போனில் எடுத்த முழுப்படத்தை அந்த அளவுக்குச் சுருக்கினால் இலையில் இருந்த சிறு பொட்டே மறைந்துவிடும். இலைப்பகுதியை வெட்டி எடுத்துவிட்டுச் சுருக்கவேண்டும். வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிய படங்களும் இதே காரணத்தால் உதவாது. செயலி தானே தரத்தைக் குறைத்துவிடும். ஆவணமாக அனுப்பினால் மூலப்படம் வரும்.

எழுந்தமானமாக எடுத்தால் ஒரு படத்தின் சராசரி விலை 0.875 நிமிடம். 305 நிமிடத்தில் ஏறத்தாழ 348 படம் முடியும். அதில் 4 சதவீதம், அதாவது 14 படம்தான் எரிபந்தம். இதுதான் இந்த வழியின் உண்மையான குறை. மற்ற மூன்று வகையும் நன்றாக வந்து, எரிபந்தம் மட்டும் 14 படத்தில் தொங்கிக்கொண்டு நிற்கும்.

இது எப்போது நல்லது? வகைகள் ஏறத்தாழச் சமமாக இருக்கும்போது. பெயர் சொல்பவர் ஒருமுறைதான் வருவார் என்னும்போது. சந்தேகமான படத்துக்கும் தெளிவான படத்துக்கும் விலை வித்தியாசம் மிகப் பெரிதாக இருக்கும்போதும் இதுவே வெல்லலாம். மற்ற இரண்டு வழிகளும் இதைத் தாண்டவேண்டும். தாண்டவில்லை என்றால் அவற்றுக்குப் பட்ட பாடு வீண்.

## இரண்டாவது வழி: கேட்டுக் கற்றல்

மொடல் எங்கே தடுமாறுகிறதோ அங்கே லேபல் கேட்பது பழைய எண்ணம். எழுத்துத் தரவை வகைப்படுத்த லூயிஸ், கேல் என்ற இருவர் 1994இல் எழுதிய கட்டுரையிலேயே இது தெளிவாக இருக்கிறது. எளிமையான அளவு, முதலிரண்டு வகைகளுக்கும் மொடல் தரும் நிகழ்தகவுகளுக்கு இடையிலான இடைவெளி. ஒரு படத்துக்கு மொடல் “கபிலப் புள்ளி 0.48, எரிபந்தம் 0.45” என்றால் இடைவெளி 0.03. “நோயில்லை 0.97, மற்றது 0.02” என்றால் இடைவெளி 0.95. முதலாவதைத்தான் சேரிடம் கொண்டுபோகவேண்டும்.

நம் வயலில் இது ஏன் பொருந்துகிறது என்றால், எரிபந்தமும் கபிலப் புள்ளியும் தொடக்கத்தில் ஒன்றைப்போல ஒன்று இருக்கும். முற்றிய எரிபந்தப் பொட்டு இரு நுனியும் கூராகி, கதிர்கோல் வடிவில், நடுவில் சாம்பல் நிறமாக நிற்கும். கபிலப் புள்ளி முட்டை வடிவில் இலை முழுதும் பரவிக் கிடக்கும், சுற்றிலும் மஞ்சள் வளையம் தெரியும். சின்னப் பொட்டாக இருக்கும்போது இந்த அடையாளங்கள் இன்னும் வந்திருக்காது. மொடல் தடுமாறும் இடமும் அதுதான். ஆகவே கேட்டுக் கற்றல் எரிபந்தத்தின் பக்கமாகவே சேரின் நேரத்தைத் திருப்பும்.

இப்போது மறைந்த செலவு. மொடல் தடுமாறும் படம் பெரும்பாலும் மனிதரும் தடுமாறும் படம். எனவே ஒரு படத்தின் விலை 0.875 நிமிடம் அல்ல, ஏறத்தாழ 2 நிமிடம். 305 நிமிடத்தில் 152 படம்தான். எழுந்தமானத்தில் 348 கிடைத்த இடத்தில் இங்கே பாதிக்கும் குறைவு! ஆனால் இந்த 152இல் நாலில் ஒன்று எரிபந்தமாக இருந்தால்கூட 38 எரிபந்தப் படம் வரும். 348க்கு 14, 152க்கு 38. எரிபந்தத்தைத் தவறவிடக்கூடாது என்பதுதான் நோக்கம் என்றால் எனக்கு இந்த இரண்டாவதே வேண்டும். நாலு வகைக்கும் சராசரித் துல்லியம் மட்டும் போதும் என்றால் 348ஐ எடுப்பேன். லேபல் எண்ணிக்கையை வைத்து ஒப்பிட்டிருந்தால் இந்தத் தெரிவே கண்ணில் பட்டிராது.

அடுத்த செலவு சுற்றுகள். லேபல் வாங்கி, மொடலைத் திரும்பப் பழக்கி, மறுபடி கேட்கவேண்டும். முழு மொடலையும் பழக்குபவர்களுக்கு ஒரு சுற்று பல மணித்தியாலம் எடுக்கும், அதனால் ஒரு காலைக்கு ஒரு சுற்றுதான் முடியும். மேலே சொன்ன 2,048 எண் வழியில் ஒரு சுற்றுக்குச் சில நொடிதான். சேர் பிளேன்ரீ குடித்து முடிப்பதற்குள் அடுத்த 20 படம் தயார். கேட்டுக் கற்றலைக் கிராமத்தில் செய்யக்கூடியதாக்குவது இந்த ஒரு ஏற்பாடுதான் என்பேன்.

இடைவெளியை மட்டும் பார்த்து எடுத்தால் இன்னொரு சிக்கல் வரும். மிகக் குறைந்த இடைவெளி உள்ள 20 படத்தில் பதினைந்து ஒரே வயலின் ஒரே மூலையாக இருக்கலாம். பதினைந்துக்கும் பெயர் கேட்பது ஒரு கேள்வியைப் பதினைந்து முறை கேட்பது போன்றது. அதனால் முதலில் 200 படத்தை எடுத்து, அவற்றை 20 குழுவாகப் பிரித்து, குழுவுக்கு ஒன்று எடுக்கவேண்டும்:

```python
import numpy as np
from sklearn.cluster import KMeans

p = np.sort(clf.predict_proba(X_pool), axis=1)
margin = p[:, -1] - p[:, -2]
cand = np.argsort(margin)[:200]

km = KMeans(n_clusters=20, n_init=10, random_state=0).fit(X_pool[cand])
pick = [cand[km.labels_ == k][0] for k in range(20)]
```

`cand` இடைவெளி ஏறுவரிசையில் இருப்பதால், ஒவ்வொரு குழுவிலும் மிகச் சந்தேகமான படமே தெரிவாகும்.

தொடக்கத்தில் மொடலே இல்லை, எனவே சந்தேகமும் இல்லை. முதல் லேபல்களை இந்த முறையில் கேட்க முடியாது. பயிற்சிக் குவியலில் உள்ள எல்லாப் படங்களையும் 70 அல்லது 80 குழுவாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவின் நடுப்படத்தைக் கேட்பது நல்ல தொடக்கம். எழுந்தமானமாக எடுப்பதைவிட அரிதான தோற்றமுள்ள இலைகள் இதில் அகப்பட வாய்ப்புக் கூட.

பிழைத்தால் எப்படித் தெரியும்? சேர் சொல்லும் பதிலிலேயே தெரியும். மங்கிய படம், விரல் மறைத்த படம், நிழல் விழுந்த படம் எல்லாவற்றிலும் மொடல் தடுமாறும், ஆனால் அவற்றில் கற்க ஒன்றும் இல்லை. “இதைப் படத்தில சொல்லேலாது பிள்ளை, வயலுக்குப் போகவேணும்” என்று ஐந்துக்கு ஒன்றுக்கு மேல் வந்தால் நிறுத்திவிடுங்கள். முதலில் மங்கிய படங்களைக் களையுங்கள், பிறகு தொடருங்கள். அவருக்குச் “சொல்லமுடியாது” என்று அழுத்த ஒரு பொத்தான் கட்டாயம் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் மரியாதைக்காக ஏதோ ஒரு பெயரைச் சொல்லிவிடுவார், அந்தப் பெயர் மொடலுக்குள் உண்மையாகப் போய் உட்கார்ந்துகொள்ளும்.

கஷ்டமான படங்களை மட்டும் தொடர்ந்து காட்டினால் எந்த மனிதருக்கும் கண் களைக்கும். இடையிடையே எழுந்தமானமான படங்களைக் கலந்து கொடுங்கள். முன்பு காட்டிய பத்துப் படங்களைச் சொல்லாமல் திரும்பக் காட்டுங்கள். பத்தில் மூன்றுக்கு வேறு பெயர் வந்தால், அந்த இடத்தில் இனி எத்தனை லேபல் வாங்கினாலும் மொடல் முன்னேறாது. அங்கே வேண்டியது தண்டோடு சேர்த்து எடுத்த வேறு படம், அல்லது ஆய்வுகூடப் பரிசோதனை.

கேட்டு வாங்கிய படங்களை ஒருபோதும் சோதனைக்கு வைக்கவேண்டாம். அவை எல்லாம் கடினமானவை, உண்மையான வயலின் விகிதமும் அவற்றில் இல்லை. அவற்றில் மொடல் 60 சதவீதம் எடுத்தால் மனமுடைந்துபோவீர்கள், அதற்குக் காரணமே இல்லை.

## மூன்றாவது வழி: அரைமேற்பார்வைக் கற்றல்

இதன் எளிய வடிவம் போலி லேபல். கொஞ்ச லேபலில் மொடலைப் பழக்குங்கள். மிச்சப் படங்களுக்கு அதையே பெயர் சொல்ல வையுங்கள். அது மிக உறுதியாகச் சொன்னவற்றை உண்மை லேபல் போல எடுத்துச் சேர்த்துத் திரும்பப் பழக்குங்கள். ஆழ்கற்றலில் இந்தப் பெயரோடு இது 2013இல் அறிமுகமானது. 2020இல் வந்த ஃபிக்ஸ்மேட்ச் இதையே கூர்மையாக்கியது. ஒரு படத்தை லேசாக மாற்றி மொடலிடம் காட்டி, அது 0.95க்கு மேல் உறுதியாகப் பெயர் சொன்னால், அதே படத்தைக் கடுமையாக மாற்றிக் காட்டி அதே பெயரைச் சொல்லப் பழக்குவது அதன் முறை. சைஃபார்-10 படத்தொகுப்பில் 250 லேபலை மட்டும் வைத்து 94.93 சதவீதம் எடுத்தது.

அந்த எண்ணைப் பார்த்துத்தான் தங்கச்சியும் ஆசைப்பட்டாள். ஆனால் சைஃபார்-10இல் பத்து வகையும் சரிசமம். லேபல் இல்லாத படம் ஒவ்வொன்றும் அந்தப் பத்துக்குள் ஒன்றாகவே இருக்கும். நம் வயல்படத்தில் இந்த இரண்டும் இல்லை.

இந்த வழி நிற்பது ஒரு நம்பிக்கையின் மேல்: ஒரே வகைப் படங்கள் ஒன்றாகக் கூடி இருக்கும், வகைகளைப் பிரிக்கும் எல்லை ஆளில்லாத வெளியில் ஓடும். இரண்டு வயலைப் பிரிக்கும் வரம்பு பயிர் இல்லாத இடத்தில் ஓடுவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். நோயில்லாத இலைக்கும் கருகிய இலைக்கும் இடையே அப்படி ஒரு வரம்பு இருக்கிறது. அங்கே போலி லேபல் நன்றாக வேலை செய்யும், சேரின் ஒரு நிமிடம்கூடத் தேவையில்லை. தொடக்க எரிபந்தத்துக்கும் தொடக்கக் கபிலப் புள்ளிக்கும் இடையே வரம்பு இல்லை. அங்கே பயிர் தொடர்ந்து நிற்கிறது. மொடல் தானாக வரம்பு போட்டால் பயிரை மிதித்துத்தான் போடும்.

என்ன நடக்கும் என்று கணக்கில் பார்ப்போம். குவியலில் 4,000 படம், அதில் 4 சதவீதம், அதாவது 160 படம் எரிபந்தம். 0.95க்கு மேல் உறுதி என்று 2,500 படம் தேறுகிறது, அதில் 97 சதவீதம் சரி என்று வைப்போம். கேட்க நன்றாக இருக்கிறது. பிழையானவை 75 படம். ஆனால் பிழைகள் எல்லா வகையிலும் சமமாகத் தூவிக் கிடப்பதில்லை. அவை எல்லையில் குவியும். அந்த 75இல் 60 படம் கபிலப் புள்ளி என்று பெயரிடப்பட்ட எரிபந்தம் என்றால்? எழுந்தமான வழியில் நம்மிடம் இருந்த உண்மையான எரிபந்த லேபல் 14. அதற்கு எதிராக 60 படம் “இது கபிலப் புள்ளி” என்று சாட்சி சொல்கிறது. அடுத்த சுற்றில் மொடல் இன்னும் உறுதியாக அதையே சொல்லும், பிறகு இன்னும் உறுதியாக. மொத்தத் துல்லியம் பெரிதாக அசையாது. எரிபந்தம் மட்டும் சத்தமில்லாமல் காணாமல்போகும்.

நாலாவது அளவுகோலில் இந்த வழி விழுவது இதனால்தான். கேட்டுக் கற்றலில் பிழை வந்தால் சேர் முகம் சுளிப்பார், நமக்குத் தெரிந்துவிடும். இங்கே முகம் சுளிக்க ஆளில்லை. ஒவ்வொரு சுற்றிலும் போலி லேபல்கள் வகைக்கு எத்தனை என்று அச்சிட்டுப் பார்ப்பதுதான் ஒரே காவல். எரிபந்தத்தின் பங்கு 4 சதவீதத்தில் இருந்து 2, பிறகு 1 என்று இறங்கினால் நோய் குறையவில்லை, மொடல் அதை மறந்துகொண்டிருக்கிறது.

இன்னொரு மறைந்த செலவு, நாலு வகைக்குள் அடங்காத படங்கள். பொற்றாசியக் குறைபாட்டில் ஓரம் பழுத்த இலை, பனிப்பூச்சி தாக்கிச் சுருண்ட இலை, இடையில் புகுந்த கோரை எல்லாம் அந்தக் குவியலுக்குள் கிடக்கின்றன. இப்படி வகைக்கு வெளியே உள்ள படங்கள் கலந்தால், லேபல் இல்லாத தரவையே சேர்க்காமல் விட்டதைவிட மோசமாகலாம் என்று 2018இல் வந்த ஒரு விரிவான ஒப்பீடு காட்டியது. நன்றாகப் பழக்கிய சாதாரண மொடலும் முன்பயிற்சி மொடலும் இந்த முறைகளுக்கு எவ்வளவு நெருக்கமாக வருகின்றன என்றும் அதே வேலை காட்டியது. நான் முதல் வழியை வலியுறுத்துவதற்கு அதுவும் ஒரு காரணம்.

அப்படியும் போலி லேபல் போடுவதென்றால், வகைக்கு ஒரு உச்சவரம்பு வையுங்கள். நோயில்லாத இலை 2,000 சேர்ந்து மற்றவற்றை மூடிவிடாது:

```python
p = clf.predict_proba(X_pool)
yhat, conf = p.argmax(axis=1), p.max(axis=1)
keep = []
for c in range(4):
    i = np.where((yhat == c) & (conf > 0.95))[0]
    keep.extend(i[np.argsort(-conf[i])][:100])
    print(c, len(i))
```

ஒவ்வொரு சுற்றிலும் போலி லேபல்களை முழுதாக எறிந்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள். பழையதை வைத்துக்கொண்டு மேலே மேலே சேர்த்தால் முதல் சுற்றின் பிழை கடைசிவரை கூட வரும்.

இந்த வழி எப்போது நல்லது? பெயர் சொல்பவர் ஒருமுறை வந்துபோய்விட்டார், இனி வரமாட்டார் என்றால். வகைகள் கண்ணுக்குத் தெளிவாகப் பிரிந்திருந்தால். லேபல் இல்லாத படங்கள் லேபல் உள்ளவை வந்த அதே வயல்களிலும் அதே போகத்திலும் எடுக்கப்பட்டிருந்தால். காலபோக லேபலை வைத்துச் சிறுபோகப் படங்களுக்குப் போலி லேபல் போடவேண்டாம். வெயிலும் வேறு, பயிரின் நிறமும் வேறு, நோய்களின் விகிதமும் வேறு.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| அளவுகோல் | எழுந்தமானம் | கேட்டுக் கற்றல் | அரைமேற்பார்வை |
|---|---|---|---|
| 305 நிமிடத்தில் உண்மை லேபல் | 348 | ஏறத்தாழ 152 | 348, அதோடு போலி லேபல் |
| அதில் எரிபந்தம் | 14 | 38 வரை | 14, போலியால் கூடலாம், அழியவும் கூடும் |
| சேரிடம் போகும் தடவை | ஒன்றே போதும் | பல சுற்று | ஒன்றே போதும் |
| கணினி வேலை | சில நொடி | சுற்றுக்குச் சில நொடி | எளிய வடிவம் நொடிகள், ஃபிக்ஸ்மேட்ச் என்றால் கிராபிக்ஸ் காட் வேண்டும் |
| வகைக்கு வெளியே உள்ள படம் | சேர் சொல்லிவிடுவார் | சேர் சொல்லிவிடுவார், நேரம் போகும் | மொடல் விழுங்கிவிடும் |
| பிழைத்தால் | சோதனையில் தெரியும் | லேபல் இடும்போதே தெரியும் | வகைவாரியாகத் தேடினால்தான் தெரியும் |

இரண்டையும் சேர்க்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள். சேர்க்கலாம், ஆனால் வரிசை முக்கியம். முதலில் கேட்டுக் கற்றல் எல்லையில் உண்மை லேபலை நட்டுவிடவேண்டும், பிறகு எல்லைக்கு அப்பால் உள்ள தெளிவான இடங்களைப் போலி லேபல் நிரப்பலாம். தலைகீழாகச் செய்தால் மொடல் பிழையான இடத்தில் உறுதியாகிவிடும். உறுதியான இடத்தில் கேட்டுக் கற்றல் கேள்வியே கேட்காது. அதன்பின் அந்தப் பிழையைப் பிடிக்க இரண்டு வழியிலும் ஆளில்லை.

## தங்கச்சிக்குச் சொன்ன நாலு காலை

முதல் காலை 120 நிமிடமும் சோதனைப் படங்களுக்கே. முதல் 30 படத்துக்கு மணிக்கூடு பிடித்து, மேலே நான் வைத்த அரை நிமிடம், இரண்டு நிமிடம் என்ற எண்களைத் திருத்தவேண்டும். சந்தேகப் படம் இரண்டுக்குப் பதிலாக ஐந்து நிமிடம் எடுத்தால் 305 நிமிடத்தில் 61தான் முடியும். அப்போது கேட்டுக் கற்றலைப் பாதியாகக் குறைத்து எழுந்தமானத்தைக் கூட்டச் சொல்வேன்.

இரண்டாவது காலை, மிச்சச் சோதனைப் படங்களுக்கு 55 நிமிடம். அடுத்த 65 நிமிடத்தில் குழுக்களின் நடுப்படங்கள் ஏறத்தாழ 74. அன்றிரவே முதல் மொடல் பழகிவிடும். மங்கிய படங்களைக் களைவதும் அன்றிரவு வேலைதான்.

மூன்றாவது காலை கேட்டுக் கற்றல். 20 சந்தேகப் படம், தேநீர், திரும்பப் பழக்கல், இன்னொரு 20. அதற்கு 80 நிமிடம். இடையில் எழுந்தமானமான 20 படம், பழைய படத்தில் திரும்பக் காட்டும் 10. எல்லாம் சேர்த்து 118 நிமிடம்.

நாலாவது காலை இன்னொரு 40 சந்தேகப் படத்துக்கு 80 நிமிடம். கடைசி 40 நிமிடத்தை நான் புதிய லேபலுக்குச் செலவழிக்கமாட்டேன். அதற்கு முந்திய இரவே போலி லேபல் போட்டு வைத்து, அதில் “எரிபந்தம்” என்று வந்தவற்றில் 10, “கபிலப் புள்ளி” என்று வந்தவற்றில் எரிபந்தத்துக்கு மிகக் கிட்ட நிற்பவை 10, இரண்டையும் கலந்து, மொடல் என்ன சொன்னது என்று காட்டாமல் சேரிடம் காட்டவேண்டும். இருபதில் இரண்டு மூன்று பிழை என்றால் போலி லேபலைச் சேர்க்கலாம். ஆறு, ஏழு என்றால் போலி லேபலை நோயில்லாத இலைக்கும் இலைக் கருகலுக்கும் மட்டும் வைத்துக்கொண்டு, எரிபந்தத்திலும் கபிலப் புள்ளியிலும் சேர் சொன்ன லேபலோடு நிறுத்தவேண்டும்.

சோதனையின் 200 படத்தில் எரிபந்தம் ஏறத்தாழ 8தான் இருக்கும். ஒரு படம் மாறினால் எரிபந்தத்தின் அளவு 12.5 சதவீதம் ஆடும். அதை வைத்து எந்த மொடல் எரிபந்தத்தை நன்றாகப் பிடிக்கிறது என்று சொல்லமுடியாது. அதற்கு ஒரு வழிதான் தெரிகிறது. ஒதுக்கிய 15 வயல்களில் எரிபந்தம் என்று சேர் நேரில் பார்த்து உறுதிசெய்யும் வயல் இருந்தால், அங்கே போய் 40 படம் தனியாக எடுத்து, அதை எரிபந்தத்துக்கான தனிச் சோதனையாக வைப்பது. வயலில் நின்று ஒருமுறை பெயர் சொன்னால் 40 படத்துக்கும் லேபல் கிடைத்துவிடும், பொட்டில்லாத இலையை மட்டும் தவிர்த்து எடுக்கவேண்டும். மார்கழி, தையில் பனி விழும் இரவுகளுக்குப் பிறகு, யூரியா கூடப் போட்ட வயலாகப் பார்த்துப் போகச் சொல்லியிருக்கிறேன். அந்த 40ஐயும் மொத்தத் துல்லியக் கணக்கோடு கலக்கவேண்டாம் என்றும் சொன்னேன். இரண்டு எண்களாகவே எழுதட்டும்.